முதல் பருவமழைக்கு ஒரு சின்னக் கவிதை: பள்ளி மலருக்கு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆண்டு மலருக்கான அறிவிப்பு வந்ததும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் சந்தேகங்கள் இவை. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

மேகசினுக்கு மழைக் கவிதை கேட்டிருக்காங்க. எத்தனை வரி எழுதணும்?

எட்டு வரி போதும். பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். ஒரு வரிக்கு மூன்று அல்லது நான்கு சொற்கள் என்று வைத்துக்கொண்டால் எட்டு வரிக் கவிதை இருபத்து நான்கு முதல் முப்பத்திரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். பள்ளி மலரில் ஒரு கவிதைக்குப் பெரும்பாலும் அரைப் பக்கமோ கால் பக்கமோதான் கிடைக்கும். அதைவிட நீண்டால் ஆசிரியர் குழு எங்காவது வெட்டும். அவர்கள் வெட்டும் வரி நீங்கள் விரும்பி எழுதிய வரியாகவே இருக்கலாம்.

எட்டு வரி என்பது இடத்துக்காக மட்டும் சொல்வதல்ல. முதல் மழையின் முதல் இரண்டு மூன்று நிமிடங்களைச் சொல்ல அந்த அளவு கச்சிதமாகப் பொருந்தும். இருபது வரி என்றதும் கை தானாகவே உழவர், ஏரி, நாடு, உலகம் என்று தேடிப் போகும். அப்போது மழை கவிதையை விட்டு நழுவிவிடும்.

முதல் மழைன்னா எது? ஜூன்ல வர்றதா, அக்டோபர்ல வர்றதா?

நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்குகிறது. கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதிகளுக்கு அதில் நல்ல பங்கு உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையும் டெல்டாவும் காத்திருப்பது அக்டோபர் மூன்றாவது வாரத்தையொட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக்கு. இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கும் பெருமழை அக்டோபருக்குப் பிறகுதான்.

கவிதைக்குள் மாதப் பெயர் வர வேண்டியதில்லை. ஆனால் எழுதுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஜூன் மழை என்றால் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நேரம், புதுப் புத்தகங்கள், காய்ந்து வெடித்த மைதானம். ஐப்பசி மழை என்றால் காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது, தீபாவளி பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் கலந்து எழுதினால் ஊர்க்காரர்கள் முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மழைன்னு உட்கார்ந்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. எங்கே ஆரம்பிக்கிறது?

கவிதை எழுத உட்காராதீர்கள். முதலில் ஒரு குறிப்பு எழுதுங்கள். மழை வருவதற்கு முந்தைய ஐந்து நிமிடமும் வந்த பிறகான ஐந்து நிமிடமும் மட்டும் போதும். எங்கே நின்றீர்கள், முதல் துளி எதன்மேல் விழுந்தது, என்ன சத்தம் கேட்டது, யார் என்ன சொன்னார்கள், எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்று உரைநடையில் பத்து வாக்கியம் எழுதுங்கள். ‘அழகு’, ‘மகிழ்ச்சி’, ‘இயற்கை’ ஆகிய மூன்று சொற்களும் அந்தக் குறிப்பில் வரக்கூடாது.

பிறகு அதில் உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு பொருளைத் தேடுங்கள். கொடியில் காயும் சீருடை, சைக்கிள் சீட், தகரக் கொட்டகை, சுண்ணாம்புக் கோடு, தவறவிட்ட ஒற்றைச் செருப்பு, எதுவானாலும் சரி. முதல் துளியை அந்தப் பொருளின்மேல் விழவிடுங்கள். கவிதை அங்கிருந்து தொடங்கும். ‘வானம்’ என்று தொடங்கும் கவிதைகள் மலருக்குக் குவிந்து வரும். ‘சைக்கிள் சீட்’ என்று தொடங்குவது அபூர்வமாகத்தான் வரும்.

நான் எழுதினது சந்தத்தோட நல்லாத்தானே இருக்கு? ஏன் ‘பொதுவா இருக்கு’ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க?

திரும்பி வரும் கவிதைகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும்:

வானம் கறுத்தது மேகம் திரண்டது
மழையே மழையே வருக!
பயிர்கள் செழிக்கும் ஏரி நிரம்பும்
மயில்கள் ஆடும் குயில்கள் பாடும்
வானவில் தோன்றும் வண்ணம் பூக்கும்
உழவர் மகிழ்வர் உலகம் சிரிக்கும்
மரங்கள் நடுவோம் மழையைப் பெறுவோம்
இயற்கை அன்னையைக் காப்போம்!

ஓசையில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. ‘முதல்’ மழை இதில் எங்குமே இல்லை. காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். ஏரி நிரம்ப அதற்குப் பிறகு பல நாள் பெய்ய வேண்டும். பயிர் செழிக்க வாரங்கள் ஆகும். குயில் அதிகம் கூவுவது இளவேனிலிலும் கோடையிலும். ஐப்பசி மழைக்குள் அதன் குரல் அடங்கியிருக்கும். இந்த எட்டு வரிகளில் ஒன்றைக்கூட எழுதியவர் நேரில் பார்க்கவில்லை. பாடப்புத்தகத்தில் படித்ததை நினைவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்.

உங்கள் கவிதையும் இப்படியா என்று கண்டறிய எளிய வழி உண்டு. மூன்றாம் வரியையும் ஐந்தாம் வரியையும் இடம் மாற்றிப் படியுங்கள். எந்தச் சேதமும் இல்லையென்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை, பட்டியல்தான் இருக்கிறது. மழை வரும்போது ஒன்றன்பின் ஒன்றாகத்தானே எல்லாம் நடக்கிறது? கவிதையிலும் வரிகளின் வரிசை மாற்ற முடியாததாக இருக்க வேண்டும்.

மண்வாசனையை எல்லாருமே எழுதுறாங்க. அதை விட்டுடலாமா?

விட வேண்டாம். முதல் மழைக்கே உரிய அடையாளம் அதுதான். பத்தாவது நாள் மழையில் அந்த மணம் அவ்வளவாக இருக்காது. சரியான இடத்தில் வைக்கத் தெரிந்தால் போதும்.

அந்த மணத்துக்குப் பெரும்பங்கு காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. நம் மூக்கு அதை மிக மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். துளி மண்ணில் மோதும்போது அடியில் காற்றுக் குமிழ்கள் சிக்கி, மேலே வந்து வெடித்து, மணத்தை நுண்திவலைகளாகக் காற்றில் ஏற்றுகின்றன. 2015இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அதிவேகக் கேமரா கொண்டு இதைப் படம்பிடித்தார்கள். லேசான, மிதமான மழையில்தான் இந்தத் திவலைகள் அதிகம் எழுகின்றன, கொட்டும் மழையில் குறைகின்றன என்பதும் அதில் தெரிந்தது.

ஆகவே ‘சோவெனக் கொட்டியது மழை, எங்கும் மண்வாசனை’ என்ற வரிசை தலைகீழ். மணம் முதலில், கொட்டுவது பிறகு. மேலும், ‘இனிய மணம்’, ‘நறுமணம்’ என்று அடைமொழி போடுவதைவிட மணம் என்ன செய்தது என்று வினைச்சொல்லால் சொல்லுங்கள். எழுந்தது, நுழைந்தது, வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தது என்று எழுதினால் அதே மண்வாசனை புதிதாகிவிடும்.

வானவில், மயில், தவளை, ஈசல் இதெல்லாம் போட்டா அழகா இருக்காதா?

ஒன்றே ஒன்றைப் போடுங்கள், அதையும் சரிபார்த்துப் போடுங்கள். வானவில் தெரியச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், வானத்தில் சுமார் 42 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். காலையில் என்றால் மேற்கிலும் மாலையில் என்றால் கிழக்கிலும் தெரியும். நண்பகல் உச்சி வெயிலில் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரியாது. வானம் முழுக்கக் கறுத்திருக்கும்போதும் தெரியாது. முதல் துளி விழும் கவிதையில் வானவில் வந்தால் பெரும்பாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.

மயிலுக்குத் தோகை ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் ஆண்மயில் நீண்ட தோகையை உதிர்த்துவிடும். ஐப்பசி மழையில் தோகை விரித்தாட அதனிடம் தோகையே மிஞ்சியிருக்காது. ஜூன் மழை என்றால் சரி. தவளை கத்துவது தண்ணீர் தேங்கிய பிறகு, பெரும்பாலும் இரவில். கத்துவது ஆண் தவளை. ஈசல் மழை விட்டதும் புற்றிலிருந்து கிளம்பும், மாலை விளக்கைச் சுற்றும், பிறகு சிறகு உதிர்க்கும். எனவே தவளையும் ஈசலும் ‘மழைக்குப் பின்’ கவிதைக்கு உரியவை. ‘மறுநாள் காலை வாசலில் ஈசல் சிறகுகள்’ என்று ஒருவர் எழுதினால், முதல் மழை பெய்து முடிந்ததை அந்த ஒரு வரியே சொல்லிவிடும். அருமையான தொடக்கம் அது.

தூறல், சாரல், தூவானம் எல்லாம் ஒண்ணுதானே? எது ஓசைக்குப் பொருந்துதோ அதைப் போடலாமா?

ஒன்றல்ல. தூறல் என்பது நுண்துளியாகவோ விட்டுவிட்டோ விழும் லேசான மழை. சாரல் காற்றில் சாய்ந்து வந்து முகத்தில் படுவது. மலையோரத்து மென்மழையையும் சாரல் என்பார்கள், குற்றாலத்தில் பருவத்தையே ‘சாரல்’ என்றுதான் சொல்வார்கள். தூவானம் காற்று அடித்து ஜன்னலுக்குள்ளும் திண்ணைக்குள்ளும் தூவும் நீர்த்திவலை, மழை விட்ட பிறகும் நீடிக்கும் சிறுதூவலும் அதுதான். ‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்ற பழமொழி அதைத்தான் சொல்கிறது. அடைமழை நாள்கணக்கில் விடாமல் பெய்வது. முதல் மழை நாளில் அடைமழை என்று எழுத முடியாது, அது அடைமழைதானா என்பது மூன்றாம் நாள்தான் தெரியும்.

இடியுடன் வரும் முதல் மழையில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்கலாம். பெரிய துளிகள் வேகமாக விழுவதால் அவையே முன்னால் வந்து சேர்கின்றன. சிறியவை பல, வறண்ட காற்றில் வழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. ‘பொட்… பொட்…’ என்று இடைவெளி விட்டுத் தடித்த துளிகள் விழும் அந்த அரை நிமிடத்தைத் தூறல் என்று சொன்னால் ஒட்டாது. அதற்குத் தனிப்பெயர் தேடாமல், எண்ணக்கூடிய துளிகள் என்பதையே கவிதையில் காட்டலாம்.

அப்போ ஒரு கவிதையை எழுதிக் காட்டுங்களேன், எப்படின்னு பார்க்கிறோம்.

மூன்றாம் கேள்வியில் சொன்ன குறிப்பு இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம். ‘காலையிலிருந்து புழுக்கம். விளையாட்டு வகுப்பு. சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். ஒரு துளி புழுதியில் விழுந்து, புழுதியைப் பூசிக்கொண்டு மணிபோல் நின்றது. எண்ண ஆரம்பித்தோம். வாசனை வந்தது. பெரிய மழை. கோடு அழிந்துவிட்டது. யார் வெளியே, யார் உள்ளே என்று தெரியவில்லை.’ இதில் நமக்கு மட்டுமே கிடைத்த பொருள் அந்தக் கோடு. அதைக் கவிதையின் முதலிலும் முடிவிலும் வைக்கலாம்.

கோடு கிழித்த மைதானம்
கொதித்துக் கிடந்தது காலைமுதல்.
புழுதியில் ஒருதுளி விழுந்தது,
புழுதி உருண்டு மணியானது.
இரண்டு மூன்றென எண்ணுமுன்னே
எழுந்து வந்தது மண்வாசம்.
கோடு கரைந்த மைதானத்தில்
அவுட் ஆனவர் யாருமில்லை.

வரிக்கு மூன்று சொல், மொத்தம் இருபத்து நான்கு. ‘மழை’ என்ற சொல்லே வரவில்லை என்பதைப் பாருங்கள். தலைப்பில் அதை வைத்துவிட்டால் உள்ளே தேவைப்படாது. நான்காம் வரி உண்மையாக நடப்பது. நன்கு காய்ந்த மெல்லிய புழுதியில் துளி உடனே ஊறாமல், தூசியைப் பூசிக்கொண்டு உருண்டையாக நிற்கும். ஆறாம் வரிக்கும் ஏழாம் வரிக்கும் நடுவில் சில நிமிடங்கள் போய்விட்டன. பெருமழை பெய்ததை வரியாகச் சொல்லவில்லை. கோடு கரைந்தது என்பதிலிருந்து வாசகரே அதைப் புரிந்துகொள்வார்.

முதல் வரைவில் கடைசி இரண்டு வரிகள் ‘கோடு அழிந்தது மழையாலே, கூடி மகிழ்ந்தோம் நண்பரெல்லாம்’ என்று வரக்கூடும். ‘கூடி மகிழ்ந்தோம்’ என்று நீங்களே சொல்லிவிட்டால் வாசகருக்கு வேலை இல்லை. கோடு இல்லாததால் யாரும் வெளியேற வேண்டியதில்லை என்று நடந்ததை மட்டும் சொன்னால், மகிழ்ச்சியை அவரே கண்டுகொள்வார்.

எதுகை மோனை கட்டாயம் வேணுமா?

மரபுக் கவிதை கேட்டிருந்தால் வேண்டும், புதுக்கவிதைக்குக் கட்டாயமில்லை. ஆனால் பள்ளி மலர்க் கவிதையைப் பெரும்பாலும் மேடையிலும் வாசிக்கச் சொல்வார்கள். காதுக்கு ஒரு பிடி இருந்தால் நல்லது.

அடிகளின் முதற்சொல்லில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. முதலெழுத்து இரண்டிலும் குறிலாகவோ இரண்டிலும் நெடிலாகவோ இருக்க வேண்டும். ‘மழை, தழை’ எதுகை. ‘மழை, வாழை’ எதுகை ஆகாது, ஏனென்றால் ஒன்று குறில், மற்றது நெடில். முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் ச–த, ஞ–ந, ம–வ ஒன்றுக்கொன்று மோனையாகும். மேலே உள்ள கவிதையில் ‘கோடு, கொதித்து’ என்பதும் ‘இரண்டு, எண்ணு, எழுந்து’ என்பதும் இப்படித்தான் இசைகின்றன. மழைக்கு இது வசதியும்கூட. ‘மழை, மண், வானம்’ மூன்றும் ஏற்கெனவே மோனைச் சொற்கள்தான்.

எல்லா வரியையும் ‘கிறது’ன்னு முடிச்சா சந்தம் வந்துடும் இல்லையா?

வராது, சலிப்புதான் வரும். அடிகளின் இறுதி ஒன்றி வருவதை இயைபு என்பார்கள். அது அழகானதுதான். ஆனால் ‘பொழிகிறது, குளிர்கிறது, சிரிக்கிறது’ என்பதில் ஒன்றுவது வினை விகுதி மட்டுமே. தமிழில் எந்த வினையையும் அப்படி முடிக்கலாம் என்பதால் காது அதைச் சந்தமாக ஏற்பதில்லை. எட்டு வரியில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஒரே விகுதி வரவிடாதீர்கள். நடுவே ஒரு பெயர்ச்சொல்லில் வரியை நிறுத்துங்கள். ‘மண்வாசம்’ என்று ஆறாம் வரி நிற்பது அதற்காகத்தான்.

உவமை இல்லாம கவிதை ஆகுமா? ‘முத்து முத்தாய்’னாவது போடலாமே?

ஆகும். மேலே உள்ள எட்டு வரியில் ‘போல’ என்று ஓரிடத்திலும் இல்லை. ‘மணியானது’ என்பது மட்டும் உருவகம், அதுவும் பார்த்த வடிவத்தைச் சொல்வது. ‘முத்து’, ‘வைரம்’, ‘வானத்தின் கண்ணீர்’ மூன்றும் தேய்ந்துபோனவை. உவமை வேண்டுமென்றால் மழை விழுந்த அதே இடத்திலிருந்து எடுங்கள். வகுப்பறை என்றால் டப்பாவில் குலுங்கும் பென்சில், மைதானம் என்றால் கைதட்டல். எட்டு வரிக்கு ஒன்று போதும்.

தமிழய்யா வெண்பாவில் எழுதச் சொல்றார். அது முடியுமா?

முடியும். குறள் வெண்பா முதலடியில் நான்கு சீரும் இரண்டாம் அடியில் மூன்று சீருமாக ஏழே சீர். முதல் துளி என்ற ஒரு கணத்துக்கு அது மிகப் பொருத்தம்.

முற்றத்து மண்ணில் முதல்துளி பட்டதும்
சுற்றும் புழுதி மணம்.

அசைகள் சேர்ந்தது சீர். ஒரு குறிலோ ஒரு நெடிலோ தனித்தோ ஒற்றோடோ வந்தால் நேரசை, இரு குறிலோ குறில் நெடிலோ இணைந்து அப்படி வந்தால் நிரையசை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மாச்சீர், நிரையில் முடிவது விளச்சீர், நேரில் முடியும் மூவசைச் சீர் காய்ச்சீர். ஒரு சீரை அடுத்த சீரோடு இணைப்பது தளை, வெண்பாவுக்கு உரியது வெண்டளை. அதற்கு விதி மூன்றுதான். மாச்சீருக்குப் பின் நிரை, விளச்சீருக்குப் பின் நேர், காய்ச்சீருக்குப் பின் நேர். ‘முற்றத்து’ தேமாங்காய், எனவே அடுத்தது நேரில் தொடங்கும் ‘மண்ணில்’. அது தேமா, எனவே அடுத்து நிரையில் தொடங்கும் ‘முதல்துளி’. அது கருவிளம், அடுத்து நேர்: ‘பட்டதும்’. அது கூவிளம், அடுத்து மீண்டும் நேர்: ‘சுற்றும்’. அது தேமா, அடுத்து நிரை: ‘புழுதி’. அது புளிமா, அடுத்து நிரை: ‘மணம்’. முற்ற, சுற்று என்பது எதுகை. முற்றத்து, முதல்துளி என்பது மோனை.

தளை எங்கே தட்டும் என்பதையும் இதிலேயே பார்க்கலாம். ‘முதல்துளி’க்குப் பதில் ‘சின்னத்துளி’ போட்டால் ‘சின்’ நேர், ஆனால் முன்னால் நிற்பது மாச்சீர், வெண்டளை போய்விடும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கில் ஒன்றாக வர வேண்டும். ‘மணம்’ மலர் வாய்பாடு. பொருள் ஒன்றுதானே என்று ‘வாசம்’ போட முடியாது, அது தேமாவாகிவிடும். தளைக்காகப் பொருளைக் கெடுக்க நேர்ந்தால் வெண்பாவை விட்டுவிடுங்கள். பிழையான வெண்பாவைவிட நேர்மையான புதுக்கவிதை மேல்.

‘அவுட்’ மாதிரி இங்கிலீஷ் வார்த்தையும் பேச்சுத்தமிழும் வரலாமா?

மைதானத்தில் பிள்ளைகள் சொல்வது ‘அவுட்’தான். ‘ஆட்டமிழந்தவர் யாருமில்லை’ என்று எழுதலாம், ஆனால் வானொலி வர்ணனை போல ஆகிவிடும். ஒரு பிறமொழிச் சொல் அந்த இடத்துக்கே உரியதாக இருந்தால் இருக்கட்டும். வெண்பாவில் வேண்டாம். உங்கள் மலர்க்குழு தூயதமிழை வலியுறுத்தினால் கடைசி வரியை ‘வெளியே நிற்பவர் யாருமில்லை’ என்று மாற்றலாம், பொருள் கெடாது.

பேச்சுத்தமிழில் எழுதினால் முழுக்கப் பேச்சுத்தமிழ், எழுத்துத்தமிழ் என்றால் முழுக்க எழுத்துத்தமிழ். ‘மழை வந்துச்சு’ என்று தொடங்கி ‘மகிழ்ந்தனர்’ என்று முடிப்பது அவசரத்தில் நடக்கும் தவறு. ஒருவர் பேசுவதைச் சொல்லும் வரிக்கு மட்டும் விலக்கு உண்டு.

கடைசியில் ‘மரம் வளர்ப்போம்’னு ஒரு கருத்து சொல்லணும்னு டீச்சர் சொல்றாங்களே?

மலரின் தலைப்பே சுற்றுச்சூழல் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போதும் கட்டளையாக வைக்காமல் ஒரு காட்சியாக வையுங்கள். ‘வேம்பின் அடியில் மட்டும் இன்னும் நனையாத வட்டம்’ என்று எழுதினால் மரம் தானாக உள்ளே வந்துவிடும். மழை தொடங்கிய சில நிமிடங்களுக்கு இலைகள் நீரைத் தாங்கிக்கொள்வதால் மரத்தடி அப்படிக் காய்ந்திருப்பதும் உண்மை. தலைப்பு பொதுவானது என்றால் கருத்து வரியை எடுத்துவிட்டுப் படித்துக்காட்டுங்கள். கவிதை அந்த வரி இல்லாமலே முடிந்திருப்பது ஆசிரியர் காதுக்கே தெரியும்.

எங்க வீட்டில் முதல் மழைன்னா கூரை ஒழுகும். அதை எழுதினா சோகமா இருக்குன்னு போடாம விட்டுடுவாங்களா?

எழுதுங்கள். வருந்தும்படி யாரையும் கேட்காமல் எழுதினால் போடுவார்கள். ‘ஏழை’, ‘கண்ணீர்’, ‘துயரம்’ எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எந்த இடத்தில் எந்தப் பாத்திரம் வைத்தீர்கள், சொட்டும் ஓசை பாத்திரம் நிறைய நிறைய எப்படி மாறியது என்பதை எழுதுங்கள். காலிப் பாத்திரத்தில் ‘டங்’ என்றும் நீர் சேர்ந்த பின் ‘டொப்’ என்றும் கேட்கும். அந்த ஓசை மாற்றமே எட்டு வரிக்குப் போதுமான நிகழ்ச்சி. நான்காம் கேள்வியில் சொன்ன வரிசைச் சோதனையில் இந்தக் கவிதை எளிதாகத் தேறும்.

அக்கா ரெண்டு வரி திருத்தினா, நெட்டில் பார்த்த ஒரு வரியைச் சேர்த்தா, அது என் கவிதைதானா?

அக்கா ‘இந்த வரி புரியல’ என்று சொல்லி நீங்கள் மாற்றினால் அது உங்கள் கவிதை. எழுத்துப் பிழையை அவர் திருத்தினாலும் உங்களுடையதுதான். அவர் ஒரு வரியை எழுதியே கொடுத்தால், எட்டில் ஒன்று அவருடையது. அந்த வரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் உங்கள் குறிப்பிலிருந்து ஒன்றைத் தேடி எழுதுங்கள், பெரும்பாலும் அது கிடைக்கும்.

இணையத்தில் எடுத்த வரியை, ஒன்றே ஆனாலும், உங்கள் பெயரில் போடக் கூடாது. அது எளிதில் தெரிந்தும்விடும். மற்ற ஏழு வரியில் வராத ‘கார்முகில்’, ‘அமுதமழை’ போன்ற சொல் அதில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

எழுத்துப்பிழை, சந்திப்பிழை எங்கெல்லாம் வரும்?

மழைக் கவிதையில் திரும்பத் திரும்ப வருவது சில சொற்கள்தான். தூறலுக்கு வல்லின ‘ற’, சாரலுக்கு இடையின ‘ர’. துளி, தவளை, குளிர் மூன்றுக்கும் ‘ள’. மழையை ‘மலை’ என்று எழுதுவதைச் சொல்லவே வேண்டாம். ‘மழைத்துளி’, ‘மழைக்காலம்’ இரண்டிலும் ஒற்று மிகும். ‘மழை பெய்தது’ என்பதில் மிகாது, அங்கே மழை எழுவாய். ‘கொதித்துக் கிடந்தது’ என்பதில் க் வேண்டும். ‘ஒரு துளி’ ஆனால் ‘ஓர் இலை’, உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’.

தலைப்பு என்ன வைக்கலாம்? எப்படி எழுதிக் கொடுக்கணும்?

கவிதைக்குள் சொல்லாததைத் தலைப்பில் சொல்லுங்கள். மேலே உள்ள கவிதைக்கு ‘முதல் மழை’ போதும், ஏனென்றால் உள்ளே அந்தச் சொல் இல்லை. ‘அவுட் இல்லை’ என்று வைத்தால் கடைசி வரி முன்கூட்டியே வெளியாகிவிடும்.

தட்டச்சு செய்து கொடுப்பதானால் யூனிகோட் எழுத்துருவில் கொடுங்கள். பழைய எழுத்துருக்களில் அனுப்பினால் அச்சகத்தில் எழுத்துகள் சிதறலாம். கையால் எழுதினால் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதி, மொத்தம் எத்தனை வரி என்பதைக் கீழே குறிப்பிடுங்கள். இரண்டு பத்தியாக அச்சிடும்போது நீண்ட வரி உடைந்து இரண்டாகும், எட்டு வரிக் கவிதை பத்து வரியாகத் தெரியும். எண்ணிக்கை குறித்திருந்தால் மெய்ப்புப் பார்ப்பவர் சரிசெய்துவிடுவார். பெயர், வகுப்பு, பிரிவு மூன்றையும் கவிதையின் அதே தாளில் எழுதுங்கள். தனித்தாளில் எழுதி ஊசி குத்திக் கொடுத்தால் அது பிரிந்துபோய், கவிதை பெயரில்லாமல் அச்சாகும்.